21ஆம் பிறந்தநாள் வாழ்த்து: அண்ணனோ அக்காவோ எழுதும்போது வரும் கேள்விகள்

சித்தப்பா மகன், அத்தை மகள், மாமா மகன் என்று உறவில் தம்பியாகவோ தங்கையாகவோ இருப்பார்கள். பழகுவது என்னவோ நண்பர்களாக. அவர்களுக்கு 21 வயது ஆகும் நாளில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

வாழ்த்து எழுதலாம்னு உட்காருகிறேன், மூணாவது வரியிலேயே புத்திமதி ஆகிவிடுகிறது. எதனால?

பெரும்பாலும் வினைமுற்றுகளால். எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு 'ணும்', 'கூடாது', 'ஆதே' என்று முடியும் இடங்களை எல்லாம் வட்டமிட்டுப் பாருங்கள். 'உழைக்கணும்', 'நம்பக்கூடாது', 'மறந்துடாதே' என்று இரண்டு மூன்று சேர்ந்துவிட்டாலே படிப்பவன் காதில் பெரியப்பாவின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். நீங்கள் எவ்வளவு அன்போடு எழுதினீர்கள் என்பது அதற்கு மேல் அவனை எட்டாது.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையில் யாரோ கை வைக்கிறார்கள் என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த உரிமையை மீட்பதற்காகவே சொன்னதற்கு எதிர்ப்பக்கம் சாய்வார் என்று ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் எழுதினார். சொன்ன விஷயம் சரியா தவறா என்பது அங்கே இரண்டாம் பட்சம்தான். 21 வயதில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். முடிவுகள் அப்போதுதான் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, அதற்குள் ஒருவர் பிடுங்க வந்தால் கோபம் வராதா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அறிவுரை எழுதுவது சுலபம். அவனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், போன வருடம் அவன் என்ன செய்தான், எதற்குச் சிரித்தான் என்று நினைவைக் கிளற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டால் அந்த இடத்தை 'வாழ்க்கை என்பது' என்று தொடங்கும் வாக்கியங்கள் பிடித்துக்கொள்ளும்.

உறவில் தம்பி, பழக்கத்தில் நண்பன். எந்தக் குரலில் எழுதுவது? பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

அவனிடம் வழக்கமாக எப்படிப் பேசுவீர்களோ அப்படித்தான். தினமும் 'டேய்' என்று கூப்பிடுபவர் பிறந்தநாள் அன்று மட்டும் 'அன்புத் தம்பிக்கு' என்று தொடங்கினால், கீழே ஏதோ கனமான செய்தி காத்திருக்கிறது என்று அவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குறுஞ்செய்தியில் நீங்கள் இருவரும் பேச்சுத் தமிழில் எழுதுகிறவர்கள் என்றால் வாழ்த்தும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். நடுவில் திடீரென்று தமிழ் தூய்மையானால் அந்த இடத்தில்தான் புத்திமதி ஆரம்பித்திருக்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும். நண்பனாகப் பழகுகிறீர்கள் என்பதற்காக நீங்கள் மூத்தவர் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. 'நானும் உன் வயசுதான்' என்கிற மாதிரி நடித்தால் அதுவும் செயற்கையாக இருக்கும். நாலைந்து வருடம் முன்னால் அதே பாதையில் போனவர் நீங்கள். அவன் உங்களிடம் சில விஷயங்களைக் கேட்பதே அதனால்தான்.

சொல்ல நிறைய இருக்கிறது. எத்தனை விஷயம் சொல்லலாம்?

ஒன்று. அதுவும் அவன் வாயிலிருந்து ஏற்கனவே வந்த விஷயமாக இருந்தால் நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கடைசி சில மாதங்களில் அவன் உங்களிடம் தானாகக் கேட்ட கேள்வி ஏதாவது உண்டா? 'நீ எப்படி அந்த வேலையை விட்ட?', 'முதல் சம்பளத்தை என்ன பண்ண?', 'அம்மாகிட்ட எப்படிச் சொன்ன?' என்று ஏதாவது ஒன்று. அப்படி ஒரு கேள்வி இருந்து, அன்றைக்கு நீங்கள் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் வாழ்த்துக்கு ஏற்ற விஷயம். கேட்ட கேள்விக்குத் தாமதமாக வரும் பதிலை யாரும் புத்திமதியாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படி எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்றால் அறிவுரையே வேண்டாம். வெறும் வாழ்த்தும், அவனைப் பற்றிய ஒரு நினைவும் போதும். நிஜமாகவே போதும்.

கொள்கையாகச் சொன்னால் புரிகிறது, எழுதும்போது வரவில்லை. ஒரு முழு உதாரணம் காட்ட முடியுமா?

சரி, இப்படி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். எழுதுவது ஓர் அக்கா. 21 ஆகப்போவது அவளுடைய சித்தப்பா மகன். படிப்பின் கடைசி வருடம். படித்த துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சேர்வதா, தன் துறையிலேயே தேடுவதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் இரவு போனில், "உனக்கு எப்படிக்கா தெரிஞ்சது, எது சரின்னு?" என்று கேட்டான். அன்றைக்கு அக்காவுக்குத் தூக்கம், "அப்புறம் பேசலாம்டா" என்று வைத்துவிட்டாள். இப்போது பிறந்தநாள் வருகிறது. முதலில் அவள் எழுதியது இது:

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் தம்பி! இருபத்தொரு வயசு ஆயிடுச்சு, இனிமே நீ சின்னப் பையன் இல்ல. இப்ப எடுக்கிற முடிவுதான் உன் வாழ்க்கையையே தீர்மானிக்கும். நேரத்தை வீணாக்காதே. போன் பாக்கிறதைக் குறைச்சுக்கோ. சித்தப்பா சித்தி உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு மறந்துடாதே. வேலை விஷயத்துல சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எப்பவும் சந்தோஷமா இரு."

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் வட்டமிட்டுப் பாருங்கள். வீணாக்காதே, குறைச்சுக்கோ, மறந்துடாதே, வரணும், இரு. ஐந்து கட்டளைகள். கடைசியில் சந்தோஷமாக இருப்பதும் கட்டளையாகிவிட்டது. 'சின்னப் பையன் இல்ல' என்பது நேற்று வரை அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லாமல் சொல்கிறது. 'இப்ப எடுக்கிற முடிவுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்' என்பது ஏற்கனவே முடிவெடுக்கப் பயந்து நிற்பவனை இன்னும் பயமுறுத்தும். 'உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று எழுத நேர்ந்தாலே மேலே எழுதியது உறுத்துகிறது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட, இதில் அவன் எங்கே? பெயரை மாற்றி எந்தத் தம்பிக்கும் அனுப்பலாம். அவன் போனில் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை.

இரண்டாவது முறை அவள் கட்டளைகளை எல்லாம் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் வந்தது இது:

"நான் உன் வயசுல இருந்தப்ப எனக்கும் இதே குழப்பம். பிடிக்காத வேலையா இருந்தாலும் சேர்ந்தேன், பொறுமையா இருந்தேன். அதனாலதான் இன்னிக்கு இந்த நிலைமையில இருக்கேன். நீயும் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தியா?"

கட்டளை எதுவும் வெளியே தெரியவில்லை, ஆனால் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. 'அதனாலதான்' என்ற ஒரு சொல் கதையைப் பாடமாக்கிவிட்டது. 'யோசிச்சுப் பாத்தியா' என்பது கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். அவன் பல வாரங்களாக அதைத்தானே யோசித்துக்கொண்டிருக்கிறான்! அறிவுரை தரக்கூடாது என்று கவனமாக இருப்பவர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். முதல் வடிவத்தையாவது நேரடியாக இருக்கிறது என்று மன்னிக்கலாம்.

மூன்றாவது முறை எழுதி அனுப்பியது:

"டேய், பிறந்தநாள் வாழ்த்து! 21ஆ? நம்பவே முடியல. பாட்டியோட பழைய ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு, ரெண்டு நாள் யார்கூடயும் பேசாம உக்காந்து பாட வெச்சியே, அதை நான் இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி கேட்டியே, எது சரின்னு எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு. தெரியலடா. ஒரு வருஷம் இருந்து பாக்கலாம்னு மட்டும் நினைச்சு சேர்ந்தேன். முதல் மூணு மாசம் பிடிக்கவே இல்ல. அப்புறம் பக்கத்து சீட்டுக்கு ஒருத்தங்க வந்தாங்க, பொறுமையா வேலை கத்துக்குடுத்தாங்க. அவங்களுக்காகத்தான் இருந்தேன்னு கூடச் சொல்லலாம். உனக்கும் அப்படியே நடக்கும்னு இல்ல.

நீ எதை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வேலைக் கடிதத்தை யாராவது ஒருதடவை கூடப் படிச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சுன்னா எனக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமை காலையில நான் சும்மாதான் இருப்பேன். இன்னிக்கு அதெல்லாம் வேணாம், போய் நல்லா ஊர் சுத்து."

ரேடியோவில் தொடங்கியது தற்செயல் இல்லை. கையில் எடுத்ததை முடிக்காமல் விடமாட்டான், தானே கண்டுபிடித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. 'உன்னால முடியும்' என்று எழுதியிருந்தால் அது வெறும் வாய்ச்சொல்லாகத் தங்கியிருக்கும். நடந்த ஒன்றைச் சொன்னதால் அவன் மறுக்க முடியாது.

அடுத்த பத்தியில் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. 'தெரியலடா' என்பதுதான் அந்தப் பத்தியின் உயிர். மூத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் முடிவெடுத்தார்கள் என்று இளையவர்கள் நினைத்துக்கொள்வதால்தான் தங்களுக்கு மட்டும் குழப்பம் என்று தோன்றுகிறது. கவனித்தால் இரண்டு வழிகாட்டல்கள் இந்தப் பத்தியில் இருக்கின்றன. ஒரு வேலையில் சேர்வது வாழ்நாள் முடிவாக இருக்க வேண்டியதில்லை, ஒரு வருடக் கணக்காகவும் பார்க்கலாம். எந்த வேலை என்பதோடு, அங்கே யார் கற்றுத் தருகிறார்கள் என்பதும் பெரிய விஷயம். இரண்டுமே 'ணும்' இல்லாமல் வந்துவிட்டன. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வான், இல்லையென்றால் அக்கா கதை சொன்னாள் என்று போய்விடுவான். 'உனக்கும் அப்படியே நடக்கும்னு இல்ல' என்ற வரி அந்தக் கதவைத் திறந்தே வைக்கிறது.

கடைசிப் பத்தியிலும் 'அனுப்பு', 'சுத்து' என்று இரண்டு ஏவல்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை உறுத்தவில்லை. ஒன்று அவனுக்குத் தோன்றினால் என்ற நிபந்தனையோடு வருகிறது, இன்னொன்று அவன் எப்படியும் செய்யப்போவது. அதனால் வினைமுற்றை எண்ணுவது ஒரு சோதனை மட்டும்தான், சட்டம் இல்லை.

விட்டுப் போனது என்ன என்றும் பாருங்கள். போன் பார்ப்பது, பெற்றோர் பட்ட கஷ்டம், நேரம். இவை எல்லாம் அவன் கேட்காதவை.

'எப்ப வேணும்னாலும் கூப்பிடு, நான் இருக்கேன்' என்று எழுதினால் போதாதா?

எழுதலாம், தவறில்லை. ஆனால் அதை வைத்து யாரும் கூப்பிடுவதில்லை. எப்போது கூப்பிடுவது, எதற்குக் கூப்பிடுவது, இது கூப்பிடும் அளவுக்குப் பெரிய விஷயமா என்று மொத்த யோசனையும் அவன் தலையில் விழுகிறது. தயங்கித் தயங்கி விட்டுவிடுவான்.

உங்களால் செய்ய முடிந்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் நேரத்தோடு. வேலைக் கடிதத்தைப் படித்துப் பார்ப்பது, விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை திருத்துவது, நேர்காணலுக்கு முன் அரைமணி நேரம் கேள்வி கேட்டுப் பழக்குவது, வீடு மாறும் நாளில் கூட வந்து சாமான் தூக்குவது. பணம் பற்றி அவனுக்கு ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் அதையும் இந்த வடிவத்துக்கு மாற்றலாம். 'கடன் வாங்கிச் செலவு பண்ணாதே' என்பது அறிவுரை. 'கடன் அட்டையோ தவணையோ எடுக்கிறதா இருந்தா, மொத்தமா எவ்வளவு கட்ட வேண்டி வரும்னு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாக்கலாம், எனக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் தெரியும்' என்பது உதவி. சொல்ல வந்தது என்னவோ ஒன்றுதான். இரண்டாவதில் முடிவு அவன் கையிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. செய்ய முடியாததை எழுதாதீர்கள். ஞாயிறு காலை சும்மா இருப்பேன் என்று எழுதிவிட்டு, அவன் அனுப்பிய கடிதத்தை இரண்டு வாரம் திறக்காமல் வைத்திருந்தால் அடுத்த முறை அவன் கேட்கமாட்டான்.

சித்தி போன் பண்ணி 'நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் எடுத்துச் சொல்லு' என்கிறார். வாழ்த்திலேயே சேர்த்துவிடலாமா?

வேண்டாம். இந்தத் தூது வேலையைப் பிறந்தநாளில் செய்யவே செய்யாதீர்கள்.

அவன் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் ஒரு மாதமாகக் கேட்கும் அதே சொற்கள் உங்கள் செய்தியில் வந்தால், யார் சொல்லி எழுதியது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் சொல்வதெல்லாம் அம்மா காதுக்குப் போகும் என்ற கணக்கில்தான் பேசுவான். அண்ணன், அக்கா என்ற இடத்தின் மதிப்பே பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் நடுவில் நிற்பதில்தான் இருக்கிறது. அந்த இடத்தை ஒரு வாழ்த்துக்காக இழக்க வேண்டாம்.

சித்தியிடம், "பேசறேன் சித்தி, ஆனா பிறந்தநாள் அன்னிக்கு இல்ல" என்று சொல்லுங்கள். பிறகு ஒருநாள் நேரில், மறைக்காமலேயே கேட்கலாம்: "உங்க அம்மா என்கிட்ட இப்படிச் சொன்னாங்க. உனக்கு எப்படித் தோணுது?" அப்படிக் கேட்டால் நீங்கள் யார் பக்கம் என்ற சந்தேகம் அவனுக்கு வராது. அவன் சொல்வதில் எதைச் சித்தியிடம் சொல்லலாம் என்பதையும் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, தனியாக அனுப்பலாமா?

இரண்டும். குழுவில் ஒரு வரி, ஒரு பழைய படம், அவ்வளவுதான். மேலே பார்த்த மாதிரியான செய்தி தனியாகத்தான் போக வேண்டும். வேலை, படிப்பு, குழப்பம் என்று குழுவில் ஒரு சொல் விழுந்தால் போதும், கீழே வரிசையாக மாமாக்கள் வந்துவிடுவார்கள்.

பழைய படம் போடும்போது, அவனுடைய நண்பர்கள் பார்த்தால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். குளிக்க வைக்கும் படங்கள் உங்களுக்கு அழகு, அவனுக்கு இல்லை.

பழமொழி, மேற்கோள் ஏதாவது சேர்த்தால் நன்றாக இருக்குமா?

உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல், ஒரு பட்டப்பெயர், தாத்தா அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் இருந்தால் சேருங்கள். இணையத்தில் தேடி எடுத்த மேற்கோள் வேண்டாம். அன்றைக்கு அவனுக்கு அதே மேற்கோள் வேறு யாரிடமிருந்தாவது வந்திருக்கும்.

அவனுக்கு இந்த வருஷம் சரியில்லை. தேர்வில் போய்விட்டது, யாரிடமும் பேசுவதில்லை. வாழ்த்தில் அதைத் தொடுவதா, விடுவதா?

இது கஷ்டமான கேள்வி, ஆளைப் பொறுத்தது. அவனே உங்களிடம் சொன்ன விஷயம் என்றால் ஒரு வரி தொடலாம். வேறு வழியாக உங்களுக்குத் தெரிய வந்திருந்தால் தொடாதீர்கள். தன் தோல்வி யார் யாருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்ற கணக்கைப் பிறந்தநாளில் அவன் போட வேண்டாம்.

தொடுவதாக இருந்தால் சமாதானம் சொல்லாதீர்கள். 'எல்லாம் நல்லதுக்குத்தான்', 'இதெல்லாம் ஒரு தோல்வியா' என்பவை அவன் வலியைச் சின்னதாக்கும். 'இந்த வருஷம் உனக்குக் கஷ்டமா இருந்ததுன்னு தெரியும்டா. அதைப் பத்திப் பேசணும்னு இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தப் பக்கம் வரேன், சும்மா நடந்துட்டு வரலாமா?' என்பது போதும். பதில் சொல்ல ஒரு 'சரி' போதுமான கேள்வியாக இருக்கட்டும். மனசு சரியில்லாதவர்களால் நீளமான செய்திக்கு நீளமாகப் பதில் எழுத முடியாது. அந்தக் குற்ற உணர்வே இன்னொரு சுமையாகும்.

அவன் பேச்சில் உயிரை வெறுக்கிற தொனியோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அடையாளமோ தெரிந்தால் இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த நாசூக்கும் வேண்டாம். பிறந்தநாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே போன் செய்யுங்கள், நேரில் போங்கள், நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியாக விடாமல், வீட்டில் நம்பகமான ஒருவரையும் மருத்துவ உதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு எழுதுவதென்றால் இதே மாதிரிதானா?

முறை இதேதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன். தம்பிக்கு எழுதும் வாழ்த்துகளில் 'பெரிய ஆளா வரணும்' என்று வருகிறது, தங்கைக்கு எழுதுபவற்றில் 'ஜாக்கிரதையா இரு' என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

21 என்றதும் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்க ஒரு கூட்டமே இருக்கும். கிண்டலாகக்கூட நீங்கள் எடுக்காதீர்கள். அதைத் தவிர வேறு எல்லாவற்றையும் பேசக்கூடிய ஓர் ஆள் அவளுக்கு இருக்கட்டும். அவள் என்ன படிக்கிறாள், எதில் கெட்டிக்காரி, சமீபத்தில் எதைத் தனியாகச் சமாளித்தாள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அவன் எடுக்கப்போகும் முடிவு தப்பு என்று உறுதியாகத் தெரிகிறது. 'எதை எடுத்தாலும் சந்தோஷம்' என்று பொய் எழுதவா?

எழுத வேண்டாம். அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும்தான் வேலை செய்யும். பிறகு நீங்கள் எதிர்த்துப் பேசும்போது அவன் அதை எடுத்துக் காட்டுவான், அது நியாயமும்தான்.

வாழ்த்தில் அந்த விஷயத்தையே தவிர்த்துவிட்டு, இன்னொரு நாள் உங்கள் கருத்தை ஒரே ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அனுமதி கேளுங்கள்: "நான் வேற மாதிரி நினைக்கிறேன், சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், அது இல்லாமல் அனுமதி கேட்பதில் அர்த்தமில்லை. சரி என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். 'அந்த நிறுவனம் சரியில்லை' என்பதைவிட 'அந்தக் கடிதத்துல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விலகினா பணம் கட்டணும்னு ஒரு வரி இருக்கு, பாத்தியா?' என்பது அவனுக்குப் பயன்படும். சொன்ன பிறகு மறுபடி அதே பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் சிரமம். எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

போன் திரையில் ஒருமுறை விரலால் தள்ளினால் முடிகிற அளவு. மேலே உள்ள உதாரணம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். அன்றைக்கு அவனுக்கு நிறைய செய்திகள் வரும், ஓடிக்கொண்டே படிப்பான். 'மேலும் படிக்க' என்று மடங்குகிற அளவுக்குப் போனால், இது அப்புறம் படிக்க வேண்டியது என்று ஒதுக்கி வைத்துவிடுவான்.

கையால் எழுதி அட்டையில் கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் நீளலாம். அதை அவன் தனியாக உட்கார்ந்துதான் படிப்பான்.

இவ்வளவு யோசித்து அனுப்பினேன். 'தேங்க்ஸ் க்கா' என்று ஒரு இதயக் குறியோடு முடித்துவிட்டான். பிடிக்கவில்லையோ?

அப்படி இல்லை. மனதைத் தொட்ட செய்திக்குத்தான் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் போகும். 'படிச்சியா?', 'என்ன நினைக்கிற?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வி செய்தியைப் பின்தேதியிட்டுப் புத்திமதியாக்கிவிடும். ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ ஒரு சாக்கில் பேசுங்கள். அவனாக அந்தக் கடிதத்தை அனுப்பினால் படியுங்கள், அனுப்பவில்லை என்றால் வேறு யாரிடமோ காட்டியிருப்பான், அல்லது தானே படித்துப் புரிந்துகொண்டிருப்பான்.

நள்ளிரவு 12 மணிக்கே அனுப்ப வேண்டுமா?

அந்த நேரம் அவன் நண்பர்களுடையது. குழுவில் போடும் ஒரு வரியை வேண்டுமானால் அப்போது போடுங்கள். தனிச் செய்தியைக் காலையில், அவன் எழுந்து போனைப் பார்க்கும் நேரத்துக்கு அனுப்பலாம். மறந்துபோய் மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் மன்னிப்பு கேட்டு ஒரு பத்தி எழுதாதீர்கள். 'ஒரு நாள் லேட்டு, கோச்சுக்காதடா' என்று ஆரம்பித்து, எழுத நினைத்ததை எழுதுங்கள். மறுநாள் வருவது ஒருவிதத்தில் நல்லதும்கூட, கூட்டம் குறைந்திருக்கும், நிதானமாகப் படிப்பான்.